போனஃபைடுக்கு இரண்டு கடிதம்

கர்நாடக நுழைவுத் தேர்வான கேசிஇடியின் கவுன்சலிங்கில் எனக்குப் பெங்களூரிலேயே ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சீட் கிடைத்தது. ஸ்ரீராமபுரத்தில் வீடு, பஸ்ஸில் போய் வரலாம். ஹாஸ்டல் செலவு கிடையாது, ஃபீஸுக்கு மட்டும்தான் லோன். பேங்கில், "காலேஜ்ல ஒரு போனஃபைடு வாங்கிட்டு வாம்மா" என்றார்கள். பிரின்சிபாலுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: நான் முதலாம் ஆண்டு மாணவி, பேங்க் லோனுக்குப் போனஃபைடு தேவை. மூன்றாம் நாள் அச்சடித்த படிவம் ஒன்று வந்தது. இன்னார் மகள், எங்கள் மாணவி, நடத்தை நன்று. அவ்வளவுதான்.

பேங்கில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டதோ நான்கு வருஷத்துக்கான லோன். படிப்பு எத்தனை வருஷம், வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. ஃபீஸ் பணம் என் கைக்கு வராது, நேராகக் காலேஜ் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு விவரமும் இல்லை.

போதாததற்குப் பெயர் வேறு. டென்த் மார்க்ஸ் கார்டில் இனிஷியல் என் பெயருக்குப் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, காலேஜ் தாளில் இனிஷியல் முன்னால். நம் இனிஷியல் இந்த ஊரில் படும் பாடு தனிக் கதை.

காலேஜ் ஆஃபீஸில் இருந்த அண்ணன் கோலார் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். "லெட்டர்ல நீ கேட்டதைத்தாம்மா நான் டைப் அடிப்பேன். ஃபீஸ் போடுங்கன்னு நீ எழுதவே இல்லையே" என்றார். நியாயம்தான்.

அன்றைக்கே திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்:

"பொருள்: கல்விக் கடனுக்காகப் போனஃபைடு சான்றிதழ் வேண்டுதல்.

ஐயா, நான் பி.இ. முதலாம் ஆண்டு படிக்கிறேன். கல்விக் கடனுக்கு விண்ணப்பித்துள்ளேன். வங்கி மேலாளர் பெயருக்குச் சான்றிதழ் வழங்கக் கோருகிறேன். அதில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி என் பெயர், அட்மிஷன் எண், கேசிஇடி வழியாகச் சேர்ந்த விவரம், படிப்பின் கால அளவு, நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுவாரியான கட்டணம், கல்லூரியின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இடம்பெற வேண்டுகிறேன்."

பல்கலைக்கழகம் தரும் யுஎஸ்என் நம்பர் அப்போது வந்திருக்கவில்லை, அதனால்தான் அட்மிஷன் எண். கூடவே டென்த் மார்க்ஸ் கார்டு, அட்மிஷன் ஆர்டர், ஃபீஸ் ரசீது மூன்றின் நகலும் வைத்தேன். ஹெச்ஓடி கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிட்டேன். கடிதத்தின் ஜெராக்ஸில் ஆஃபீஸ் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டதால், நான்காம் நாள் போய்க் கேட்டபோது யாரும் "எந்த லெட்டர்?" என்று கேட்கவில்லை.

இந்தத் தடவை லெட்டர்ஹெட்டில், வருஷத்துக்கு 92,000 வீதம் மொத்தம் 3,68,000 ரூபாய் என்று வந்தது. கவுன்ட்டரிலேயே நின்று பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஆதார் பெயருக்கு மட்டும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று பேங்கில் ஒரு அஃபிடவிட் கேட்டார்கள். அதை நோட்டரியிடம் வாங்கிக் கொடுத்த பிறகு ஃபைல் நகர்ந்தது.