தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது: 14 வயதுக்கு எந்தப் புத்தகம்?

என் அக்கா மகளுக்கு வீட்டில் பேசும் தமிழ் நன்றாகவே புரியும், எழுத்துதான் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு 247 எழுத்தையும் வரிசையாக எழுத வைக்காதீர்கள். உயிர் 12, மெய் 18, அப்புறம் கால், கொம்பு, சுழி போன்ற குறிகள் எந்த ஒலிக்கு எந்தப் பக்கம் வரும் என்பது, இவ்வளவு தெரிந்தாலே கதைக்குள் போகலாம். உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் என்பதால் அதைப் படிக்கப் படிக்கப் பழகிக்கொள்ளட்டும்.

அவள் அதிகம் தடுமாறியது ஒகர, ஓகாரத்தில். 'போனான்' என்பதைப் 'பேனான்' என்று படிப்பாள். முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்தவுடன் வாய் 'பே' என்று சொல்லிவிடும், பின்னால் வரும் காலைக் கண் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கொம்பைக் கண்டால் எழுத்துக்கு அந்தப் பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று பழக்கினோம். அதோடு அந்த ஒலி அடிக்கடி வரும் கதைகளாகத் தேடிக் கொடுத்தோம்.

புத்தகத்துக்கு வருவோம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை பிரித்து இலவசமாகவே கிடைக்கின்றன. நிலை 1 சின்னக் குழந்தைகளுக்கானது, பூனைக்குட்டி கதையைக் கொடுத்தால் பதின்வயதுப் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். அதனால் நிலை 1, 2-இல் கதையை விட்டுவிட்டு விலங்கு, விண்வெளி, அறிவியல் பற்றியவற்றை எடுங்கள். வாக்கியம் சின்னதாக இருந்தாலும் விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்காது. உரையாடல் நிறைந்த படக்கதையும் நல்லது, பேச்சுநடையில் இருந்தால் காதுக்குத் தெரிந்த சொற்களே அதிகம் வரும்.

நிலை சரியா என்று பார்க்க, சுமார் 50 சொற்கள் உள்ள பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தடுக்கிய சொல்லை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்டதும் புரிந்தால் சிக்கல் எழுத்தில், கேட்டும் புரியாவிட்டால் சொல்லே புதிது, அதற்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 'போய்க்கொண்டிருந்தான்' என்று நீளமாக வந்தால் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். 'போய்க் / கொண்டி / ருந்தான்' என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஓ, போயிட்டு இருந்தான், அவ்வளவுதானா மாமா?" என்றாள். நடந்துகொண்டிருந்தான், பேசிக்கொண்டிருந்தான் எல்லாம் அப்புறம் அவளாகவே பிரித்துக்கொண்டாள்.

சொல்லுக்கு மேலே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், கண் தமிழ் எழுத்துப் பக்கம் திரும்பவே திரும்பாது.