துண்டை நல்லா கட்டிக்கங்க

"வேலைக்குப் போலாமா தம்பி?" என்று கேட்டார். "போங்கண்ணே, துண்டை மட்டும் மூக்குல நல்லா கட்டிக்கங்க" என்று சொன்னேன். மொத்தமே இவ்வளவுதான், அரை நிமிடம்கூட இருக்காது. அவருக்கு ஆறு மாத டிபி மாத்திரை முடிந்த நாள் அது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார், நான் அடுத்த நோயாளியின் அட்டையை எடுத்தேன்.

டிபி பிரிவில் களப்பணி பார்க்கும் எனக்கு, சிகிச்சை முடித்து ஒருவரை அனுப்புவது நல்ல நாள். அவர் காய்ச்சலோடும் இருமலோடும் வந்தபோது சளியில் கிருமி தெரியவில்லை, இரண்டு முறை பார்த்தும் இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் நிழல் இருந்தது. டிபியும் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் உட்காரும் என்பதால் மருத்துவர் டிபி என்றே சிகிச்சை தொடங்கினார். நான் அட்டை போட்டேன். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதுவோம். என்ன கூலி என்று கேட்கவில்லை. அவருடைய காதோரத்திலும் புருவத்திலும் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, பார்த்துவிட்டும் கேட்கவில்லை.

காய்ச்சல் இரண்டு மாதத்தில் விட்டது. எடை 44-லிருந்து 49 ஆனது. ஆனால் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் எங்கள் கட்டடத்தின் பதினாலு படியை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கடைசி மாதமும் அப்படித்தான் நின்றார். கிருமிக்கான மருந்து வேலை செய்து, காய்ச்சல் போய், உடம்பு தேறிய பிறகும் மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது என்றால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். வயசு, பலவீனம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு வயது 46.

பதினாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையில் கிருமி தெரிந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம், நானும் கூடப் போனேன். அங்கே நெஞ்சுநோய் மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்ததும் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றுதான் கேட்டார். "சிலை வேலைங்க. இருபத்தி ஏழு வருஷம். முன்னாடி உளி, இப்போ எல்லாம் மெஷின்தான்." மருத்துவர் என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டினார். இரண்டு பக்கமும் கேழ்வரகு தூவினமாதிரி சின்னச் சின்ன உருண்டைகள், நுரையீரலின் வேர்ப்பகுதியில் நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய வெள்ளைக் கோடு. இது சிலிகோசிஸ், கல் தூசியால் வரும் நுரையீரல் நோய், அதன் மேல் டிபி என்றார். பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்தார். அதிலும் உருண்டைகள் இருந்தன.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கிரானைட்டில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ் இருக்கும், அதாவது சிலிக்கா. அதன் நுண்தூள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விட்டால், அங்கே காவலுக்கு இருக்கும் செல் அதை விழுங்குகிறது. கிருமியை விழுங்கினால் செரித்துவிடும், கல்லை எப்படிச் செரிக்கும்? செல் சாகிறது, தூள் வெளியே வருகிறது, அடுத்த செல் அதையே விழுங்கிச் சாகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் புண் ஆறின தழும்பு மாதிரி நார் படிகிறது. இதனால்தான் வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்கிறது, படிந்த தழும்பைக் கரைக்க மருந்தும் இல்லை. டிபி கிருமியைப் பிடித்து அடக்கி வைப்பதும் இதே காவல் செல்தான் என்பதால், அது நொந்துபோன நுரையீரலில் டிபி எளிதாகத் தலை தூக்குகிறது, தூசியை விட்டுப் பல வருடம் ஆன பிறகும்.

சரி, துண்டுக்கு வருகிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவருடைய பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். ஓலைக் கொட்டகை, அவரோடு சேர்த்து நாலு பேர், ஆளுக்கு ஒரு கை கிரைண்டர். கல்லில் பிளேடு பட்டதும் வெள்ளையாக ஒரு புகை கிளம்பி ஆளையே மறைக்கிறது. எல்லோரும் துண்டு கட்டியிருந்தார்கள். உளியால் செதுக்கும்போது சில்லு அதிகம், மாவு குறைவு. மெஷின் கல்லை மாவாகவே அரைக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாவு மூக்கிலேயே தங்கிவிடும், துண்டும் அதைப் பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போவது அந்தப் புகை அடங்கிய பிறகும் காற்றில் மிதந்துகொண்டிருப்பது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. துண்டின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாகப் போகும். ஆக, நான் சொன்ன துண்டு அவருக்குக் கொடுத்தது ஒரு தைரியம் மட்டும்தான். டிபி ஆபீஸ்காரரே சொல்லிவிட்டார் என்று இன்னும் பதினாலு மாதம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும் என்று அங்கே இருந்த பையனிடம் சொன்னேன். "கையில கரண்ட் மெஷின் இருக்குங்க, தண்ணி பட்டா ஆளே காலி. போட்ட கோடும் அழிஞ்சிடும், எதைப் பார்த்துச் செதுக்குறது?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். போகாதீங்க என்று சொல்லியிருந்தால்? பெண்ணைக் கட்டிக் கொடுத்த கடன், பையன் படிப்பு. டிபி என்று எழுதினால் மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. சிலிகோசிஸ் என்று எழுதினால் என்ன வரும்? தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் அது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்தான், ஆனால் நாலு பேர் பட்டறை தொழிற்சாலைக் கணக்கிலேயே வராது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்திலும் அந்த நோயின் பெயர் இருக்கிறது, ஆனால் சிலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறவருக்கு முதலாளி யார்? ராஜஸ்தானில் 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்து, நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். இப்படியெல்லாம் யோசித்தால் கொஞ்ச நேரம் மனசு ஆறும்.

அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வரும். 1991-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஹாங்காங்கில் சிலிகோசிஸோடு டிபி வந்தவர்களிடம் செய்தது, நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செய்தது. ஆறு மாத மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் நோய் திரும்பியது, எட்டு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதம். தழும்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்கு ஆறு மாதம் போதவில்லை. நான் 'கூலி' என்று எழுதாமல் 'கல் வேலை, மெஷின், 25 வருடம்' என்று எழுதியிருந்தால் மருத்துவர் இரண்டு மாதம் நீட்டியிருப்பாரோ என்னவோ. அதற்குக் கடனோ சட்டமோ குறுக்கே நிற்கவில்லை. என் பேனா மட்டும்தான்.

இதை அவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "நீ போகாதேன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் தம்பி." எனக்காகச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. இந்த முறை மருத்துவர் ஒன்பது மாதம் எழுதியிருக்கிறார். பட்டறையில் இருந்த மற்ற மூன்று பேரையும் எக்ஸ்ரேக்கு வரச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் விட்டால் கோடு அழிந்துவிடும் என்று சொன்ன பையன் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.