லைசென்ஸ்ல தேதி இருக்கு, ஆனாலும் கிளெய்ம் ரிஜெக்ட்: ஒரு அண்ணனுக்குப் புரிய வெச்ச கதை

நான் இங்க சிங்கப்பூர்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில மோட்டார் கிளெய்ம்ஸ்ல வேலை பாக்குறேன். போன வாரம் யீஷுன்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, கைல ரிஜெக்‌ஷன் லெட்டர், முகத்துல அவ்வளவு கோவம். கோவப்பட்டது நியாயம்தான். எங்க ஆபீஸ் லெட்டர்ல "பாலிசி நிபந்தனை மீறல்"னு மொட்டையா ஒரே வரி. கவுண்டர்ல வேற யாரோ "வேலிட் லைசென்ஸ் கொண்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்ப, பாவம் அவரோட மச்சான் ஊர்ல சொல்லி இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கி வரவெச்சு, இவரு லீவு போட்டு தூக்கிட்டு வந்திருக்காரு. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்கே வயிறு எரிஞ்சுது.

விஷயம் இதுதான். அண்ணனோட காரை ஓட்டுனது மச்சான், எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல 2023 மார்ச்ல வந்தவரு, ஒரு வேனோட ஆக்சிடென்ட் ஆனது 2024 ஆகஸ்ட்ல. தமிழ்நாட்டு லைசென்ஸ் இன்னும் பல வருஷம் செல்லும், ஆனா இங்க ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டா சிங்கப்பூர் லைசென்ஸா மாத்தாம ஓட்டக்கூடாது.

"தம்பி, அவன் பதினஞ்சு வருஷமா ஓட்டுறான், அன்னிக்கு தப்பும் அவன்மேல இல்ல"ன்னாரு. நான் பாலிசிய எடுத்து அந்தப் பக்கத்தையே காட்டுனேன். "அண்ணே, மச்சானுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நாங்க சொல்லல. வண்டி ஓட்டுறவருக்கு இந்த ஊர் சட்டப்படி அனுமதி இருக்கணும்னு இங்க போட்டிருக்கு பாருங்க, ஆக்சிடென்ட் நடந்த அன்னிக்கு அது இல்ல. இப்ப பேசிக் தியரி எழுதி கன்வெர்ட் பண்ணாலும் அந்தத் தேதிக்கு அது பின்னாடி போகாது"ன்னு மெதுவா சொன்னேன். ரொம்ப நேரம் அந்த வரியவே பாத்துட்டு இருந்தாரு. குடிச்சிட்டு ஓட்டுன கேஸும் இப்படித்தான், தப்பு யார்மேலங்கறது அங்க கேள்வியே இல்ல, பாலிசில விலக்கு இருந்தா சொந்த டேமேஜுக்குப் பணம் வராது.

அடுத்து கேட்டாரு, "அந்த வேன்காரனுக்கு அடிபட்டிருந்தா மட்டும் குடுப்பீங்களா?" சரியான கேள்வி. காயத்துக்குக் குடுக்கச் சொல்லி சட்டமே இருக்கு, ஆனா அப்படிக் குடுத்தத கம்பெனி அவர்கிட்டயே திருப்பிக் கேக்கலாம், அதையும் மறைக்காம சொல்லிட்டேன்.

அப்பதான் அவரு போன்ல இருந்த டேஷ்கேம் வீடியோவப் பாத்தேன். வேன் சிக்னல் போடாம லேன் மாறி வந்து இடது பக்கக் கதவுல இடிக்குது. "அண்ணே, நம்மகிட்ட ரிஜெக்ட் ஆனாலும் வேன்காரரோட இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி கிளெய்ம் போடலாமே, யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"ன்னேன். சொல்லவே இல்லையாம்! நல்லவேளை மறுநாளே ரிப்போர்ட் பண்ணியிருந்தாரு. ஆனா சர்வே முடியறதுக்கு முன்னாடி ரிப்பேர்ல கை வெக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

எங்க முடிவ ஒத்துக்கலைன்னா, இன்சூரன்ஸ் மாதிரி பண விவகாரத் தகராறுகளைத் தீர்த்து வெக்கிற ஃபிட்ரெக் மையத்துக்குப் போகலாம், ஃபைனல் ரிப்ளை வந்து 6 மாசத்துக்குள்ள போகணும், அதனால அந்த லெட்டர பத்திரமா வெச்சுக்கங்கன்னும் சொன்னேன். ரிஜெக்‌ஷன் லெட்டரயும் எந்த கண்டிஷன், எந்தத் தேதின்னு தெளிவா போட்டு புதுசா எழுத வெச்சு, நேத்து அவருக்கு அனுப்பியாச்சு.