"அல்லது" என்பதன் இரு பொருள்கள்: தர்க்கத் தாளுக்கும் சட்டத் தாளுக்கும் சேர்த்துப் படித்ததில் கிடைத்தவை

தர்க்கவியலையும் ஒப்பந்தச் சட்டத்தையும் ஒரே பருவத்தில் படிப்பவர்களுக்கு ஒரு விநோதமான இடர்ப்பாடு உண்டு. முதல் தாள் "அல்லது" என்ற சொல்லுக்கு ஒரே பொருளை நிர்ணயித்துவிட்டு மேலே செல்கிறது. இரண்டாவது தாளோ அந்தச் சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதையே வழக்காக்கி மதிப்பெண் கேட்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் ஓர் அணுகுமுறையைப் படிப்படியாக அமைத்துக்கொண்டேன். இதே பாடங்களைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

"அ அல்லது ஆ" என்ற கூற்றின் மெய்மை அட்டவணையில் நான்கு வரிசைகள் உள்ளன. இரண்டும் பொய்யானால் கூற்று பொய். ஒன்று மட்டும் மெய்யானால் கூற்று மெய். இந்த மூன்று வரிசைகளிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டும் மெய்யாகும் வரிசையில் மட்டுமே உள்ளடக்கும் "அல்லது" மெய் என்றும், விலக்கும் "அல்லது" பொய் என்றும் சொல்கின்றன. ஆகவே ஒரு விதியையோ உட்பிரிவையோ வாசிக்கும்போது நான் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தால் என்ன ஆகும்? அதற்கு விடை எழுத்தில் இருந்தால் தொல்லை இல்லை. இல்லாவிட்டால்தான் வாதம் தொடங்குகிறது.

தர்க்கத் தாளில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில் உள்ளடக்கும் பொருளையே கொள்ள வேண்டும். இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவைத் தேர்வு வைப்பவர்கள் விரும்பிக் கேட்பார்கள். "அ அல்லது ஆ; அ இல்லை; ஆகவே ஆ" என்பது இரு பொருளிலும் செல்லுபடியாகும் அனுமானம். "அ அல்லது ஆ; அ உண்டு; ஆகவே ஆ இல்லை" என்பதோ விலக்கும் பொருளில் மட்டுமே செல்லும். "ஒன்று... அல்லது..." என்று தொடங்கும் வாக்கியம் கண்ணில் பட்டவுடன் விலக்கும் பொருள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அந்த அமைப்பு அழுத்தம் தருகிறதே தவிர, இரண்டும் சேர்வதைத் தடுப்பதில்லை.

விதிகளைப் பொறுத்தவரை, அந்தச் சொல் வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் விடையைத் தந்துவிடுகிறது. "கைபேசியோ கணிப்பானோ தேர்வறைக்குள் கொண்டு வரக் கூடாது" என்ற விதியை விலக்கும் பொருளில் வாசித்தால், ஒன்றைக் கொண்டு வருபவர் குற்றவாளி, இரண்டையும் கொண்டு வருபவர் நிரபராதி என்றாகும்! எவரும் அப்படி வாசிப்பதில்லை. தடையின் கீழ் வரும்போது "அல்லது" உள்ளடக்கும் பொருளிலேயே நிற்கிறது. அதை மறுத்தால் இரண்டும் மறுக்கப்படுகின்றன. நிபந்தனையிலும் இதே நிலைதான். "முதல் வகுப்பில் தேறியவர் அல்லது ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் விண்ணப்பிக்கலாம்" என்றால், இரண்டு தகுதியும் உடையவரை வெளியே நிறுத்துவதற்கு நியாயம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு சலுகையையோ கடமையையோ இரண்டாகப் பிரித்து வழங்கும் இடத்தில், "இரண்டும் சேர்ந்து கிடையாது" என்ற குறிப்பு தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அது சொல்லின் பொருளன்று, பேச்சுச் சூழலிலிருந்து நாம் ஊகித்துக்கொள்வது. "வேண்டுமானால் இரண்டையும் செய்யலாம்" என்று தொடர்ந்து எழுதினால் முரண்பாடு எதுவும் இன்றி அது நீங்கிவிடும். ஒப்பந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

சட்டத் தாளில் வரக்கூடிய ஓர் உட்பிரிவை எடுத்துக்கொள்வோம்: "சரக்கு உரிய தேதிக்குள் வந்து சேராவிட்டால், வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் அல்லது ஒப்பந்த விலையில் 10 விழுக்காட்டை இழப்பீடாகக் கோரலாம்." சரக்கு 12 நாள் தாமதமாகிறது, வாங்குபவர் ரத்தும் செய்கிறார், இழப்பீடும் கேட்கிறார். விற்பவர் மறுக்கிறார். இதற்கு "இங்கே அல்லது என்பது விலக்கும் பொருளில் வந்துள்ளது" என்று ஒரே வரியில் விடை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஏன் அப்படி என்பதைத்தான் திருத்துபவர் தேடுகிறார்.

நான் முதலில் பார்ப்பது, அந்த இரு தீர்வுகளும் இயல்பிலேயே ஒன்றாக நிற்கக் கூடியவையா என்பது. பழுதான பொருளுக்கு "பணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்றுப் பொருள் தருவது" என்றால், இரண்டையும் பெறுபவர் ஒரே குறைக்கு இருமுறை ஈடு பெறுகிறார். அங்கே விலக்கும் பொருள் வெளிப்படை. நமது உட்பிரிவில் அவ்வளவு தெளிவு இல்லை. ரத்து என்பது இனி வரவேண்டிய கடமைகளை முடித்து வைக்கிறது. தாமதத்தால் ஏற்கெனவே நேர்ந்த இழப்பு அதனால் மறைவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றாக நிற்கலாம் என்று வாங்குபவர் வாதிட இடமுண்டு. இதே உட்பிரிவில் "இழப்பீடாகக் கோரலாம்" என்பதற்குப் பதில் "விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் தராசு மறுபக்கம் சாயும். கழிப்பதற்கு ஒரு விலை செலுத்தப்பட வேண்டும், விலை செலுத்தப்பட ஒப்பந்தம் உயிரோடு இருக்க வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தத்தின் பிற உட்பிரிவுகள். வேறோர் இடத்தில் "எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம், அல்லது பணியை நிறுத்தலாம், அல்லது இரண்டையும் செய்யலாம்" என்று இருந்தால், எழுதியவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது என்றும், இங்கே "இரண்டையும்" விடுபட்டது வேண்டுமென்றே என்றும் விற்பவர் சொல்லலாம். இது வலுவான வாதம். விடைத்தாளில் பலர் தவறவிடும் வாதமும் கூட. இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் நீங்காவிட்டால்தான், ஐயத்திற்கு இடமுள்ள சொற்களை அவற்றை எழுதிய தரப்புக்கு எதிராகக் கொள்ளும் விதியைக் கடைசியாக எடுக்க வேண்டும். அதை முதலிலேயே எடுத்தால், மற்ற ஆய்வுகள் அனைத்தையும் தாண்டிக் குதித்ததாகத் தோன்றும்.

உட்பிரிவைத் திருத்தி எழுதச் சொன்னால் "அல்லது இரண்டையும்" என்றோ "இவற்றுள் ஒன்றை மட்டும்" என்றோ முழுமையாக எழுதுவதே போதுமானது. "மற்றும்/அல்லது" என்ற சாய்கோட்டு வடிவத்தை நான் தவிர்த்துவிடுவேன். அனுமதி தரும் இடத்தில் அது ஓரளவு தப்பிக்கும். "முகவர் மற்றும்/அல்லது உரிமையாளர் செலுத்த வேண்டும்" என்று கடமை சுமத்தும் இடத்தில், யாரிடம் போய்க் கேட்பது என்பதே தெரியாமல் போகும். தேர்வுகள் மூன்றாகும்போது இன்னொரு பொறி இருக்கிறது. விலக்கும் "அல்லது" மூலம் மூன்று கூற்றுகளைத் தொடராக இணைத்தால், மூன்றும் மெய்யாகும்போதும் முழுக்கூற்று மெய்யாகிவிடும். மெய்யானவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்பதைத்தான் அது சோதிக்கிறது. "மூன்றில் ஒன்று மட்டும்" என்பது வேறு கூற்று. அதை அப்படியே எழுத வேண்டும்.

கட்டுரைத் தாளில் இதே குழப்பம் மாறுவேடத்தில் வருகிறது. "திட்டம் தோற்றதற்குக் கொள்கை காரணம் அல்லது செயலாக்கம் காரணம்" என்று தொடங்கி, கொள்கையின் குறைகளை இரண்டு பத்திகளில் நிறுவிவிட்டு, "ஆகவே செயலாக்கத்தைக் குறைகூற இயலாது" என்று முடிப்பவர்கள் ஏராளம். இரண்டும் சேர்ந்தே காரணமாக இருந்திருக்கலாம். முதலாவதை நிறுவியதால் இரண்டாவது விழுந்துவிடவில்லை. வரைவை மீண்டும் படிக்கும்போது "ஆகவே ... அன்று", "எனவே ... இல்லை" என முடியும் வாக்கியங்களைத் தேடி, அந்த மறுப்புக்குத் தனிச் சான்று இருக்கிறதா, அல்லது மற்றதை நிறுவியதையே சான்றாக வைத்திருக்கிறோமா என்று பார்ப்பேன். பிறர் கூற்றை மறுக்கும்போதும் இதே கவனம் தேவை. உள்ளடக்கும் கூற்றை வீழ்த்த இரண்டு காரணங்களும் பொய் என்று காட்ட வேண்டும். விலக்கும் கூற்றை வீழ்த்த இரண்டும் மெய் என்று காட்டினாலே போதும். எனவே "இவற்றுள் ஏதோ ஒன்றேனும்" என்றோ "இரண்டில் ஒன்று மட்டுமே" என்றோ முன்னுரையிலேயே எழுதிவிட்டால், நாம் எதற்குச் சான்று தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது நமக்கும் திருத்துபவருக்கும் ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும்.