குமாரை ராஜாவா, ராஜாவைக் குமாரா: காது கேளாத சாட்சியின் வாக்குமூலம்

காது கேளாத ஒருவர் கண்ணால் கண்ட சாட்சியாக வரும்போது ஸ்டேஷனில் முதலில் நீட்டப்படுவது ஒரு தாளும் பேனாவும்தான். பேச வராது, அதனால் எழுதித் தரட்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பல வழக்குகளில் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். வியாசர்பாடியில் ஒரு தெருச் சண்டை. குமார், ராஜா என்ற இருவரில் ஒருவருக்குக் கத்திக்குத்து. அதைப் பார்த்தவர் எதிரே பட்டறையில் வேலை செய்யும் காது கேளாத இளைஞர், சிறப்புப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் தாளில் எழுதுகிறார்: "குமார் ராஜா குத்து ரத்தம் ஓடு." ரைட்டர் அதைப் படித்துவிட்டு, "குமார் ராஜாவைக் கத்தியால் குத்திவிட்டு ஓடினான்" என்று வாக்குமூலமாக எழுதிக்கொள்கிறார்.

தமிழில் யார் குத்தினார், யார் குத்துப்பட்டார் என்பதை 'ஐ' என்ற ஒரு வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. காதில் விழாத மொழியை எழுத்தின் வழியே மட்டும் கற்றவர்களுக்கு அந்த உருபுதான் முதலில் நழுவும். சைகை மொழியில் இந்தக் குழப்பம் வராது. குமாரை இடப்பக்கம் ஒரு புள்ளியில் நிறுத்துவார், ராஜாவை வலப்பக்கம் நிறுத்துவார். குத்தும் கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறதோ அதுவே எழுவாயும் செயப்படுபொருளும். அந்த இளைஞரின் கை வலமிருந்து இடம் போயிருந்தால் குத்தியவர் ராஜா. ரைட்டர் எழுதிய வாக்குமூலத்தில் இருப்பதோ நேர் எதிர். இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அவர் சைகையால் உண்மையைச் சொல்லும்போது, "போலீசில் வேறு மாதிரி சொன்னீர்களே" என்று எதிர்த்தரப்பு அந்த வாக்குமூலத்தைக் காட்டும். முரண்பாடு சாட்சியுடையது அல்ல, ரைட்டர் சேர்த்த உருபுடையது. ஆனால் பொய்சாட்சி என்ற பெயர் சாட்சிக்குத்தான் வரும்.

2012இல் ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது பற்றி விரிவாகப் பேசியது. அந்த வழக்கில் வாய் பேசாத சாட்சிக்கு அவருடைய தந்தையே மொழிபெயர்ப்பாளராக நின்றார். சாட்சிக்கும் உறுதிமொழி இல்லை, தந்தைக்கும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும், அவருக்கும் உறுதிமொழி செய்விக்க வேண்டும், சைகையின் பொருளை மட்டும் எழுதினால் போதாது, சைகையையே பதிவுசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் எழுத்தில் வாங்குவதே மேல் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சரளமாக எழுதுபவருக்கு அது பொருந்தும். வியாசர்பாடி இளைஞரைப் போன்றவருக்கு எழுத்து துணையாக இருக்கலாம், தனியாக நிற்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அவர் எழுதியதை அவரிடமே சைகையில் திருப்பிக் காட்டி, "இவரா அவரை? அவரா இவரை?" என்று கேட்காமல் எந்தத் தாளையும் கோப்பில் சேர்க்கக் கூடாது.

இன்றைய சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் பிரிவு 125இன்படி, பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியோடு நீதிமன்றம் பதிவுசெய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். விசாரணைக் கட்டத்தில், மாற்றுத்திறனாளியை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 179. ஆக, அவரே விரும்பி வந்தாலொழிய, அந்த இளைஞரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்ததே தவறு.

மொழிபெயர்ப்பாளர் வந்ததும் முதல் அரை மணி நேரம் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. சாட்சி எங்கே படித்தார், வீட்டில் எப்படிப் பேசுகிறார், நேற்று என்ன சாப்பிட்டார் என்று பேச்சு போக வேண்டும். சென்னையில் சிறப்புப் பள்ளியில் படித்தவர் இந்திய சைகை மொழிக்குப் பழகியிருக்கக்கூடும். பள்ளிக்கே போகாதவர் வீட்டுக்குள் உருவான சைகையை மட்டும் வைத்திருப்பார். அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது. காது கேளாத இன்னொருவர் இடையில் உட்கார்ந்து வீட்டுச் சைகையை இந்திய சைகை மொழிக்கு மாற்ற, கேட்கும் திறனுள்ளவர் அதைத் தமிழாக்க வேண்டும். இருவருக்கும் உறுதிமொழி உண்டு.

புரிந்ததா என்பதைத் தலையாட்டலை வைத்து முடிவுசெய்யாதீர்கள். காது கேளாதவர் பலருக்குத் தலையாட்டல் 'ஆம்' என்பதல்ல, 'பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்' என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது. "சட்டை சிவப்பா?" என்றதற்கும் ஆட்டினார், "சட்டை நீலமா?" என்றதற்கும் ஆட்டினார் என்றால் கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை.

அரசு வழக்கறிஞர்களுக்கு அதிகம் புரியவைக்க வேண்டியது இன்னொன்று. "என்ன ஆயுதம்?" என்பது தமிழில் பதிலைச் சொல்லித்தராத கேள்வி. சைகையில் 'ஆயுதம்' என்ற பொதுச்சொல்லைக் காட்ட, கத்தி, கம்பு, கல் என்று சிலவற்றை வரிசையாகக் காட்ட வேண்டிவரலாம். அப்போதே அது பதிலை நீட்டும் கேள்வியாகிவிடுகிறது. "குத்தினானா?" என்று காட்டினால் எந்தக் கை, மேலிருந்தா கீழிருந்தா என்பதும் சேர்ந்தே போய்விடும். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் அங்கே நின்று, "இதை இப்படியே சைகையில் கேட்டால் விடை உள்ளேயே இருக்கும், 'அவன் கையில் என்ன?' என்று மாற்றிக்கொள்ளலாமா?" என்று நீதிபதியிடம் கேட்பார். அதைக் குறுக்கீடு என்று அதட்டாமல் அவர் சொன்னதையும் பதிவில் ஏற்ற வேண்டும்.

பதிவு இப்படி இருந்தால் மேல்முறையீட்டிலும் நிற்கும்: "சாட்சி தன் வலப்பக்கம் சுட்டி 'ராஜா' என்றும் இடப்பக்கம் சுட்டி 'குமார்' என்றும் காட்டுகிறார். மூடிய வலது கை முஷ்டியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், இடுப்பு உயரத்தில், இரண்டு முறை நகர்த்துகிறார். பொருள்: ராஜா குமாரை இரண்டு முறை வயிற்றில் குத்தினார்." நேரம் பிடிக்கும்தான். மொழிபெயர்ப்பாளர் அரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் செய்தால் சொற்கள் உதிரத் தொடங்கும். இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டும், அல்லது இடைவேளை தர வேண்டும்.

வீடியோ இருந்தும் பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமரா வைத்த இடம். முகம் மட்டும் தெரியும், கை படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். தலைக்கு மேல் ஒரு சாண், கீழே இடுப்பு, பக்கவாட்டில் விரித்த முழங்கைகள், இவ்வளவும் தெரிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கைகள் நிழலாகிவிடும். கேள்வியைக் காட்டும் மொழிபெயர்ப்பாளரும் படத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி சரியாகப் போனதா என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. சாட்சி ஒரு நிமிடம் கை அசைத்ததற்கு "ஆமாம் என்கிறார்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நீதிமன்றத்தில் போட்டுக்காட்டச் சொல்லலாம்.

ராஜா கைதாகி, அவரும் காது கேளாதவராக இருந்தால்? கைதுக்கான காரணத்தை அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது அவருக்குத் தெரிவித்ததாகாது. அந்தத் தாளிலும் அதே உருபுகள்தான் இருக்கின்றன. கையைப் பின்னால் கட்டி விலங்கிட்டால் அவர் வாயைக் கட்டியதற்குச் சமம். வழக்கறிஞர் எதிரில் இருந்தாலும் ஒரு சொல் சொல்ல முடியாது. விசாரணை நடப்பதை அவருக்கு எந்த வழியிலும் புரியவைக்க முடியாத நிலை இருந்தால், அதே நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 357இன்படி கீழ் நீதிமன்றம் விசாரணையை நடத்தலாம். ஆனால் தண்டனை என்று முடிவானால் கோப்பை அறிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பி அதன் உத்தரவைப் பெற வேண்டும். அந்த அறிக்கையில் நாங்கள் முதலில் தேடுவது, எந்த மொழிபெயர்ப்பாளர், எத்தனை நாள், எந்தச் சைகையில் முயன்றார் என்ற விவரத்தை. "மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், புரியவைக்க யாரும் முயலவே இல்லை என்று பொருள்.