பணம் போடும் முன் ஷூவைப் பார்: ஒரு வாரக் குறிப்பு

ஆகஸ்ட் 4

சித்தப்பா மகன் ஜெனிஷுக்கு ஓணத்துக்குள் நைக்கி டங்க் லோ வேண்டுமாம். வெள்ளையும் கறுப்பும் கலந்தது, எல்லாரும் பாண்டா என்று சொல்லும் ஜோடி. டூப்ளிகேட் போடுகிறவர்களுக்கும் இதுதான் பிடித்த மாடல். இரண்டே நிறம், விசேஷமான துணியோ சோலோ கிடையாது, வாங்க ஆள் நிறைய.

நாகர்கோவிலில் ஒரு ரீசெல்லர் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். யூகே 8, பெட்டியோடு 7,500 ரூபாய். ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பினால் எடுத்து வைப்பாராம்.

"அண்ணா, எல்லாமே ஒரிஜினல்னுதான் சொல்றாரு. அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

பொறு என்றேன். பெட்டி லேபிளும், ஷூ நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன டேகும் ஒரே போட்டோவில் தெரிகிற மாதிரி அனுப்பச் சொல்லிக் கேள். தனித்தனியாக வந்தால் அதில் ஒன்று வேறு எங்கிருந்தோ எடுத்த படமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 5

போட்டோ வந்துவிட்டது. லேபிளில் நான் முதலில் பார்ப்பது ஸ்டைல் எண். இந்த ஜோடிக்கு அது DD1391-100. கோட்டுக்கு முன்னால் இருப்பது மாடல், பின்னால் வரும் மூன்று இலக்கம் நிறம். நைக்கியில் 1-ல் தொடங்கினால் பிரதான நிறம் வெள்ளை, 0-ல் தொடங்கினால் கறுப்பு. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் கையில் இருக்கிற ஷூவேதான் வரவேண்டும். மட்டமான காப்பிகளில் வேறு நிறத்து எண் அச்சாகியிருக்கும், அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதில் சரியாகவே இருந்தது. அளவுகளும் பொருந்தின. யூகே 8 என்றால் யூஎஸ் 9, ஐரோப்பிய அளவு 42.5, நீளம் 27 செ.மீ. டேகிலும் அதேதான். பார்கோடுக்குக் கீழே இருக்கும் யுபிசி எண்ணும் பெட்டியிலும் டேகிலும் ஒன்றாக இருந்தது.

இவ்வளவும் பொருந்தினாலும் நான் நம்பவில்லை. நல்ல லேபிளைப் பார்த்து அப்படியே அச்சடிப்பது சுலபம். பார்கோடை ஆப்பில் ஸ்கேன் பண்ணி சரியான பெயர் வந்தால் ஒரிஜினல் என்று நினைக்கிறார்கள். ஸ்கேன் படிப்பது எண்ணை மட்டும்தான். காப்பியடித்த எண்ணும் அதே பெயரைத்தான் காட்டும்.

ஆனால் யுபிசி எண் ஒவ்வொரு அளவுக்கும் தனி. யூகே 7-க்கு ஒன்று, யூகே 8-க்கு வேறு. காப்பி போடுகிறவர்கள் பல நேரம் ஒரே லேபிளை எடுத்து அளவை மட்டும் மாற்றி அச்சடிப்பார்கள். அதனால் ஜெனிஷிடம், "நண்பனுக்கு யூகே 7 வேணும்னு கேட்டு அந்த லேபிளையும் வாங்கு" என்றேன். சாயங்காலம் படம் வந்தது. அளவுகள் யூஎஸ் 8, 41, 26 செ.மீ. என்று சரியாக மாறியிருந்தன. யுபிசி எண்ணில் ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

அவ்வளவுதான், இந்த ஆள் வேண்டாம். ஒரே ஒரு ஜோடி வைத்திருக்கிற ஆளிடம் இந்தச் சோதனை பலிக்காது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

மார்த்தாண்டத்தில் இன்னொருவர். அளவு சரியில்லை என்று தன் ஜோடியை விற்கிறார், 8,000 ரூபாய். பெங்களூரு கடையில் வாங்கியதாம். அப்படியானால் பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கவேண்டும்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், வரிகள் உட்பட விலை. படத்தில் இருந்தது. நம்ம ஊரில் வளைகுடாவிலிருந்து கொண்டுவருகிற ஜோடிகள் ஏராளம், அவற்றில் இந்த ஸ்டிக்கர் இருக்காது, அதனால் அவை போலி என்றாகாது. சொல்கிற கதையும் பெட்டியும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

நாளை நேரில் பார்க்கிறோம். டீக்கடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வடை சட்டிக்குப் பக்கத்தில் நின்று ஷூவை முகர்ந்து ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 10

பெட்டியைத் திறந்ததும் முகர்ந்தேன், வெளிப்புறத்தை அல்ல, விரல் போகும் முன்பகுதிக்குள் மூக்கை வைத்து. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தண்ணீர் கலந்த பசைக்கு மாறிவிட்டன. போலி போடுகிற இடங்களில் மலிவான கரைப்பான் பசை ஓடும், பஞ்சர் கடை சொல்யூஷன் மாதிரி மூக்கில் ஏறும். இதில் புது ரப்பரும் லெதரும் மட்டும் லேசாக வந்தது. ஆனால் காற்றாட வைத்தால் போலியின் வாசனையும் போய்விடும். அதனால் பெட்டியை மூடி, வெயிலில் நின்ற வண்டி சீட்டில் பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி திறந்தோம். அடங்கியிருக்கிற பசை சூட்டில் வெளியே வரும். வரவில்லை.

அடுத்தது பசை. மேல்பகுதி சோலோடு சேருகிற விளிம்பை, முனையிலும் குதிகாலிலும், போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வலது ஷூவின் முனையில் கடுகளவு மஞ்சள் பசை. ஜெனிஷ் முகம் வாடிவிட்டது. நான் பயப்படவில்லை. நிஜத் தொழிற்சாலையிலும் பசையைக் கையால் பூசும் வேலை உண்டு, ஒரு பொட்டு வழிவது சகஜம். போலியில் அது பொட்டாக நிற்காது. விளிம்பு முழுக்கப் பளபளக்கும் படலமாக ஓடியிருக்கும், சில இடத்தில் நகம் நுழைகிற இடைவெளியும் இருக்கும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது தையலுக்குத்தான். அதுதான் எனக்கு ஆதாரம், ஏனென்றால் லேபிளை அச்சடிக்கலாம், வாசனையை ஆற்றலாம், தையலைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டும். டங்கின் சோல் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு தையல் ஓடும். மட்டமான காப்பியில் அது ரப்பரில் அச்சு போட்ட கோடு. நகத்தை வைத்து இழுத்தேன், நூல் நூலாகவே தட்டுப்பட்டது. பிறகு இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தை ஒப்பிட்டேன். கறுப்பு லெதரில் கறுப்பு நூல் என்பதால் போட்டோவில் இது தெரியவே தெரியாது. கையில் பார்த்தால், தையல் கோடு லெதர் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் போகிறதா, வளைவுகளில் தையல் நெருங்கியும் விலகியும் தடுமாறுகிறதா என்பது தெரியும். குதிகாலில் NIKE எழுத்து எம்ப்ராய்டரியும் இரண்டிலும் ஒரே உயரம், எழுத்துக்கு எழுத்து நூல் தாவல் இல்லை.

கடைசியாக உள்ளே கால் பதிகிற இன்சோலின் குதிகால் பக்கத்தைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்கிறவருக்குத் தயக்கம், அது நியாயமும்கூட. லேசாக ஒட்டியிருந்ததால் சம்மதித்தார். அதற்கு அடியில், ஷூவின் மேல்பகுதியை அடித்துணியோடு இணைக்கும் தையல் சுற்றிலும் நெருக்கமாக, சீராக இருந்தது. போலி போடுகிறவர் வெளியே மினுக்குவார், இங்கே அகலமாக இழுத்துப் போட்டு முடித்துவிடுவார்.

ஆகஸ்ட் 11

8,000-க்கே முடிந்தது. ஜிபேயில் அனுப்பும் முன் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டோம்: DD1391-100, யூகே 8, ஒரிஜினல், போலி என்று தெரிந்தால் பணம் திரும்பத் தருவேன். விற்பவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஜெனிஷின் நண்பன் கேட்டான், மாஸ்டர் காப்பி என்று விற்பதையும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாமா என்று. எல்லாவற்றையும் முடியாது. அவர்கள் நல்ல லெதரும் நல்ல பசையும் வாங்குகிறார்கள், வாசனை உதவாது. அந்த மாதிரி ஜோடிக்கு, சந்தேகமே இல்லாத ஒரு ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒன்றுதான் வழி. அதனால் ஜெனிஷின் ஜோடியைத் தையல் தையலாக, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் போனில் வைத்திருக்கிறேன்.