ஈயம் அளக்கும்போது எவ்வளவு நேரம் படியவிடுவது?

தண்ணீரில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவே இருக்கும் ஈயத்தை அனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரியில் அளப்பது என் அன்றாட வேலை. இதில் முதலில் எலக்ட்ரோடை எதிர்மின் பக்கமாக வைத்து, கரைசலைக் கலக்கிக்கொண்டே, ஈய அயனிகளை உலோகமாக அதன் மேல் படியவிடுகிறோம். கலக்குவதை நிறுத்திச் சில நொடிகள் அடங்க விடுகிறோம். அப்புறம் மின்னழுத்தத்தை நேர்மின் பக்கமாக நகர்த்தினால், படிந்த ஈயம் முழுவதும் மறுபடி கரைந்து ஒரு பீக்காக வெளியே வருகிறது. நிமிடக்கணக்கில் சேர்ந்தது நொடிக்கணக்கில் கரைவதால்தான் அவ்வளவு குறைந்த ஈயமும் கண்ணுக்குத் தெரிகிறது.

எவ்வளவு நேரம் படியவிடுவது என்பது நம் கையில் இருக்கிறது. ஈயச் செறிவு முன்பே தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டை எவ்வளவு சேர்ப்பது என்பதும் அப்படித்தான். பெரும்பாலானவர்கள் இவை இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். சாம்பிளின் பீக் நன்றாகத் தெரியும்வரை நேரத்தைக் கூட்டுவார்கள். அந்த நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஸ்டாண்டர்ட் சேர்க்க ஆரம்பிப்பார்கள். இது தவறான வரிசை என்பது என் உறுதியான கருத்து. நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது சாம்பிளின் பீக் அல்ல, கடைசியாகச் சேர்க்கப்போகும் ஸ்டாண்டர்டுக்குப் பிறகு வரும் பீக்.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கொண்டுவந்த முடிவை வைத்தே சொல்கிறேன். கிளாஸி கார்பன் எலக்ட்ரோடில் முன்கூட்டியே பிஸ்மத் படலம் போட்டு வைத்திருந்தார். செல்லில் 9 மில்லிலிட்டர் சாம்பிளும் 1 மில்லிலிட்டர் அசிடேட் பஃபரும். −1.0 வோல்ட்டில் 300 நொடி படியவிட்டு, சதுர அலை முறையில் ஸ்ட்ரிப் செய்திருந்தார். ஈயத்தின் பீக் வர வேண்டிய இடத்தில், −0.55 வோல்ட் பக்கத்தில், அழகாக வந்திருந்தது. உயரம் 10.6 மைக்ரோஆம்பியர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்டாண்டர்டிலிருந்து 20 மைக்ரோலிட்டர் சேர்த்தார். 10 மில்லிலிட்டர் செல்லில் அது லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் கூடுவதற்குச் சமம், கன அளவு மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பீக் 20.5 ஆனது. இன்னொரு 20 மைக்ரோலிட்டர் சேர்த்ததும் 28.4 ஆனது.

மூன்று புள்ளிகளுக்கும் கோடு போட்டு, அது இடப்பக்கம் அச்சை வெட்டும் இடத்தைப் பார்த்தால் செல்லில் 24.6. பஃபர் சேர்த்து நீர்த்ததற்காகப் பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் சாம்பிளில் லிட்டருக்கு 27.3 மைக்ரோகிராம்.

"60 நொடியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்" என்றேன்.

"மேடம், தொடர்புக் கெழு 0.998 வந்திருக்கே. இதுக்கு மேல என்ன வேணும்?"

கேட்டதில் தப்பில்லை. பல ஆய்வகங்களில் 0.995-க்கு மேல் இருந்தால் கோடு சரி என்றே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மூன்றே புள்ளிகள் இருக்கும்போது அந்த எண் வளைவை மறைத்துவிடும். நான் காட்டியது வேறொன்று: முதல் தடவை சேர்த்தபோது பீக் 9.9 கூடியிருக்கிறது. அதே அளவை இரண்டாம் தடவை சேர்த்தபோது 7.9 மட்டும்தான் கூடியிருக்கிறது. ஒரே அளவு ஈயத்துக்கு இருபது சதவீதம் குறைவான பதில். இதைக் கண்டுபிடிக்கக் கழித்தல் போதும், கெழுவே தேவையில்லை.

அதே தண்ணீரைப் புதிதாக எடுத்து 60 நொடியில் ஓட்டினார். பீக்குகள் 2.18, 4.54, 6.99. கூடியது முதலில் 2.36, அடுத்து 2.45. இது அளவீட்டின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். கணக்கு செல்லில் 18.0, சாம்பிளில் 20.0 என்று வந்தது. அதாவது முன்பு கிடைத்தது உண்மையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது சாம்பிளின் பீக்கை. 60 நொடியில் 2.18, 300 நொடியில் 10.6. ஐந்து மடங்கு நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பீக். சாம்பிளை மட்டும் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். சிக்கல் தொடங்குவது ஸ்டாண்டர்ட் சேர்த்த பிறகு. கடைசிப் புள்ளியில் ஐந்து மடங்கு நேரத்துக்கு நான்கு மடங்கு பீக்தான் கிடைத்திருக்கிறது.

காரணம் படலத்தில் இருக்கிறது. முன்கூட்டியே போட்ட பிஸ்மத் படலம் மிக மெல்லியது, அதன் அளவும் மாறாதது. ஆரம்பத்தில் வரும் ஈயம் பிஸ்மத்தோடு நன்றாகச் சேர்ந்துகொள்கிறது. நேரமும் செறிவும் சேர்ந்து கூடும்போது அந்த இடம் நெருக்கடியாகி, பின்னால் வருவதில் ஒரு பகுதி முன்போல ஒரே சீரான பீக்காகத் திரும்பிக் கரைவதில்லை. எலக்ட்ரோடின் மேல் சேர்வது செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. 300 நொடியில் லிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தாங்கிய படலம், ஸ்டாண்டர்ட் சேர்த்த பிறகு அதே 300 நொடியில் 58-ஐத் தாங்க வேண்டும் என்பதில்லை.

இப்படி வளைந்தால் முடிவு எப்போதும் ஒரே பக்கம்தான் தவறும். ஸ்டாண்டர்ட் அடிஷனில் நாம் சொல்வது இதுதான்: சேர்த்த ஈயத்துக்கு இந்தத் தண்ணீரில் எவ்வளவு பீக் வருகிறதோ, ஏற்கெனவே இருந்த ஈயத்துக்கும் அதே விகிதத்தில் வந்திருக்கும். மேலே போகப் போகச் சரிவு குறைந்தால், குறைந்த அந்தச் சரிவை வைத்து அதிகச் சரிவில் கிடைத்த பீக்கை வகுக்கிறோம். விடை கூடத்தான் செய்யும். 27.3-உம் 20-உம் இரண்டுமே உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்பதால் இந்தச் சாம்பிளில் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் 8 இருக்கும் தண்ணீரில் பீக் சின்னதாக வருகிறதே என்று ஒருவர் நேரத்தை இன்னும் நீட்டி, பெரிய பெரிய அளவில் ஸ்டாண்டர்டும் சேர்த்தால், நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீர் என்று எழுதிக் கொடுக்க நேரும். எனக்கு உண்மையில் கவலை அதைப் பற்றித்தான்.

அதனால் இப்போது நாங்கள் செய்வது: புதுவகைத் தண்ணீர் வந்தால், முதலில் அதில் ஒரு பங்கை எடுத்து, சேர்க்க நினைக்கும் மொத்த ஸ்டாண்டர்டையும் ஒரேயடியாகச் சேர்த்துவிடுவோம். அதை 60, 120, 180 நொடிகளில் ஓட்டிப் பீக்கை நேரத்தோடு வைத்துப் பார்ப்போம். கோடு நேராகப் போகும் இடம் வரைதான் நேரம். அந்தக் கோடு சுழியத்தின் வழியாகப் போகாவிட்டால் பயப்பட வேண்டாம். கலக்குவதை நிறுத்திய பிறகு அடங்க விடும் நொடிகளிலும் கொஞ்சம் ஈயம் படிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் கோடு சுழியத்துக்குச் சற்று மேலே ஆரம்பிக்கும். பார்க்க வேண்டியது வளைவை. சேர்க்கும் அளவையும் அடக்கமாக வைத்துக்கொள்வோம். முதல் சேர்ப்பு சாம்பிளின் பீக்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினால் போதும், இரண்டாவது மும்மடங்காக்கினால் போதும்.

பீக் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கூடினால் உடனே படலம் நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தண்ணீரில் கரிமப் பொருட்கள் இருந்தால் அவை எலக்ட்ரோடின் மேல் ஒட்டி, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதை மந்தமாக்கும். நேரம் நீள நீள இதுவும் கூடும். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரியான வளைவாகத்தான் தெரியும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: கடைசிச் சேர்ப்புக்குப் பிறகு எதையும் சேர்க்காமல் மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். பீக் அங்கேயே நின்றால் பிரச்சினை படலத்தின் கொள்ளளவில். இறங்கிக்கொண்டே போனால் எலக்ட்ரோடு அழுக்காகிறது அல்லது படலம் உரிகிறது. முதலாவதற்கு நேரத்தைக் குறைத்தால் சரியாகும். கரிமப் பொருள் என்றால் சாம்பிளை அமிலத்தோடும் ஹைட்ரஜன் பெராக்சைடோடும் புற ஊதா ஒளியில் சிதைத்த பிறகுதான் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு −0.3 வோல்ட்டில் அரை நிமிடம் கலக்கியபடி வைத்தால் மிச்ச ஈயம் போய்விடும், பிஸ்மத் தங்கிவிடும். அதைத் தாண்டி நேர்மின் பக்கம் போனால் படலமே கரைய ஆரம்பிக்கும்.

பி.எச். பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டாமலிருக்கச் சாம்பிளில் எடுத்தவுடனேயே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.-ஐ 2-க்குக் கீழே வைத்திருப்பார்கள். அந்த அமிலத்தை நடுநிலையாக்காமல் பஃபரை ஊற்றினால் பி.எச். அளவீட்டுக்கு வேண்டிய 4.5-க்கு வராது. அப்போது படியவிடும் நேரத்தில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பிப் படலத்தைக் கெடுக்கும். செல்லிலேயே பி.எச். பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டாண்டர்ட் அடிஷன் என்னதான் செய்தாலும் சரிசெய்யாத ஒன்று பிளாங்க், அதாவது சாம்பிளுக்குப் பதில் சுத்தமான தண்ணீரை வைத்து ஓட்டினாலும் வரும் ஈயம். தண்ணீரின் தன்மையால் சரிவு மாறுவதை அது ஈடுகட்டும். ஆனால் அமிலத்திலிருந்தும் பஃபரிலிருந்தும் பிப்பெட் முனையிலிருந்தும் வந்த ஈயத்தை அது சாம்பிளின் ஈயத்தோடு சேர்த்தே கணக்கில் காட்டும். நேரத்தை நீட்டினால் பிளாங்கின் பீக்கும் அதே அளவு வளரும், எனவே நீண்ட நேரம் இதற்கு மருந்தாகாது. பிளாங்க்குக்கும் தனியாக ஸ்டாண்டர்ட் சேர்த்து அதன் செறிவைக் கண்டுபிடித்து, செறிவிலிருந்து செறிவைக் கழிக்க வேண்டும். பீக் உயரத்திலிருந்து பீக் உயரத்தைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான தண்ணீரில் இருக்கும் சரிவும் சாம்பிளில் இருக்கும் சரிவும் வேறு வேறு என்பதால்தானே இந்த முறைக்கே வந்தோம். அப்படியிருக்க, உயரங்களை நேரடியாகக் கழிப்பதில் பொருளில்லை.

இப்போது எங்கள் பதிவேட்டில் முடிவுக்குப் பக்கத்தில் தொடர்புக் கெழுவுக்கென்று இருந்த கட்டத்தை வைத்துக்கொண்டு, அதற்கடுத்து இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: முதல் சேர்ப்பில் எவ்வளவு கூடியது, இரண்டாவதில் எவ்வளவு கூடியது. இரண்டுக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நேரத்தைப் பாதியாக்கிப் புதிய பங்கில் மறுபடி ஓட்டுகிறோம். இரண்டு நேரத்திலும் செறிவு ஒன்றாக வரும்வரை அறிக்கை வெளியே போவதில்லை.